இயந்திரம் பிடித்துக்கொண்ட அட்டை

தானியங்கிப் பண இயந்திரம் ஓர் அட்டையைத் திருப்பித் தராத நிகழ்வுகள் அனைத்தும் அதன் முன்னே நிற்பவருக்கு ஒன்றுபோலவே தோன்றுகின்றன: அட்டை உள்ளே சென்றது, வெளியே வரவில்லை. ஆனால் அந்த ஒரே தோற்றத்துக்குப் பின்னால் ஒன்றோடொன்று தொடர்பில்லாத மூன்று காரணங்கள் இருக்கக்கூடும். அட்டையை வழங்கிய வங்கியே அதைப் பிடித்துவைக்கும்படி ஆணையிட்டிருக்கலாம். அல்லது வங்கி எதுவும் சொல்லாதபோதும் இயந்திரம் தன் சொந்த விதிகளின்படி அட்டையை உள்ளிழுத்திருக்கலாம். அல்லது அட்டை இயந்திரத்தின் வசம் போகாமலே, திருடன் பொருத்திவைத்த ஒரு பொறியில் வாயிலேயே சிக்கியிருக்கலாம். முதல் இரண்டிலும் அட்டை தன்னிடம் இருப்பதை இயந்திரம் அறியும், மூன்றாவதில் அறியாது. அட்டையை மீட்பதா, ரத்து செய்வதா, யாரிடம் முறையிடுவது, இழந்த பணத்துக்கு யார் பொறுப்பு என்ற கேள்விகள் அனைத்துக்கும் விடை இந்த வேறுபாட்டிலிருந்தே கிளைக்கிறது. இந்த அத்தியாயம் இந்தியாவில் புழங்கும் இயந்திரங்களையும் ரிசர்வ் வங்கியின் விதிகளையும் கொண்டு அதை விளக்குகிறது.

அட்டைவாயின் உள்ளே

பண இயந்திரத்தின் உடல் இரண்டு பகுதிகளாக அமைந்தது. கீழ்ப்பகுதி தடித்த எஃகுப் பெட்டகம். பணத்தாள் பெட்டிகள் அதனுள் இருக்கின்றன. மேற்பகுதியில் திரை, கணினி, ரசீது அச்சுப்பொறி, அட்டை படிப்பான் ஆகியவை உள்ளன. அட்டை பிடிபட்டால் அது சென்று சேர்வது பெட்டகத்துக்குள் அல்ல. மேற்பகுதியில் படிப்பானுக்குப் பின்புறம் வைக்கப்பட்டுள்ள ஒரு சிறிய சேகரிப்புப் பெட்டிக்குள்தான். இந்த மேற்பகுதியைத் திறக்கும் சாவி, பணம் நிரப்பும் அல்லது இயந்திரத்தைப் பராமரிக்கும் பொறுப்பாளரிடம் இருக்கும். வாசலில் நிற்கும் காவலரிடம் அது இருப்பதில்லை. ஆகவே காவலர் எவ்வளவு நல்ல மனம் கொண்டவராயினும் அட்டையை எடுத்துத்தர அவரால் இயலாது.

அட்டை படிப்பான்களில் இரண்டு வகைகள் பரவலாக உள்ளன. ஒன்று, அட்டையைக் கையால் நுழைத்துக் கையாலேயே வெளியே எடுக்கும் வகை. இதில் அட்டையின் பின்விளிம்பு எப்போதும் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும், பரிவர்த்தனை முடியும்வரை ஒரு சிறு கொக்கி மட்டும் அதைப் பற்றியிருக்கலாம். இவ்வகை இயந்திரம் அட்டையை விழுங்க வழியே இல்லை. சிக்கினாலும் விளிம்பு கண்ணுக்குத் தெரியும். மற்றொன்று மோட்டார் வகை. இதில் அட்டை முழுவதுமாக உள்ளே இழுக்கப்படுகிறது. வாயின் முகப்பில் ஒரு சிறு கதவு உண்டு. நுழையும் பொருள் அட்டைதானா என்பதை உணரிகள் உறுதிசெய்த பிறகே அக்கதவு திறக்கிறது. உலகெங்கும் வங்கி அட்டைகள் 85.60 மில்லிமீட்டர் நீளமும் 53.98 மில்லிமீட்டர் அகலமும் 0.76 மில்லிமீட்டர் தடிமனும் கொண்டவையாக ஒரே அளவில் செய்யப்படுவதால், இந்தச் சோதனை எளிதாகிறது. கதவு திறந்ததும் ரப்பர் உருளைகள் அட்டையை உள்ளே நகர்த்துகின்றன; வழியில் ஒரு காந்தமுனை பட்டையைப் படிக்கிறது; அட்டை ஓரிடத்தில் நின்றதும் மெல்லிய உலோகத் தொடுமுனைகள் இறங்கிச் சில்லைத் தொடுகின்றன. பரிவர்த்தனை முடிந்ததும் உருளைகள் எதிர்த்திசையில் சுழன்று அட்டையை வாய்க்கு வெளியே தள்ளுகின்றன. அதே உருளைகள் அட்டையை முன்னே தள்ளாமல் பின்னே தள்ளினால் அது சேகரிப்புப் பெட்டியில் விழுகிறது. அட்டை பிடிபடுதல் என்பதன் இயந்திர வடிவம் இவ்வளவே.

தரப்பட்டதைத் திருப்பித் தராதிருப்பது இயந்திரத்தின் பிற்காலக் குணம் அன்று என்பதையும் இங்கே குறிப்பிட வேண்டும். 1967 ஜூன் 27 அன்று லண்டனின் வடபுறத்தில் உள்ள என்ஃபீல்டில் பார்க்ளேஸ் வங்கி திறந்த பண இயந்திரம் பிளாஸ்டிக் அட்டையை ஏற்கவில்லை. மிகச் சிறிதளவு கார்பன்-14 ஏற்றப்பட்ட ஒரு காகிதச் சீட்டை ஏற்றது, அதைத் தானே வைத்துக்கொண்டு பணத்தைத் தந்தது. ஒவ்வொரு முறைக்கும் ஒரு சீட்டு என்றிருந்தவரை எதுவும் திருப்பித் தரப்படவேண்டிய தேவை எழவில்லை. ஒரே அட்டையைப் பல ஆண்டுகள் பயன்படுத்தும் முறை வந்த பிறகுதான், அட்டையை எப்போது திருப்பித் தருவது, எப்போது தராதிருப்பது என்ற முடிவை எடுக்கும் பொறுப்பு இயந்திரத்துக்கு வந்தது.

ஆணையின் பேரில் பிடித்தல்

ஒரு வங்கியின் அட்டையை மற்றொரு வங்கியின் இயந்திரத்தில் நுழைத்தால், பணம் தருவதா மறுப்பதா என்ற முடிவை அந்த இயந்திரம் தானாக எடுப்பதில்லை. அட்டை எண்ணையும், மறைகுறியாக்கப்பட்ட ரகசிய எண்ணையும், கேட்கப்பட்ட தொகையையும் ஒரு செய்தியாக்கி, வங்கிகளை இணைக்கும் வலையமைப்பின் வழியே அட்டையை வழங்கிய வங்கியின் கணினிக்கு அனுப்புகிறது. இச்செய்திகளின் வடிவத்தை ஐ.எஸ்.ஓ 8583 எனும் பன்னாட்டுத் தரம் வரையறுக்கிறது. திரும்பி வரும் பதிலில் இரண்டு எழுத்துகள் கொண்ட ஒரு குறியீடு இருக்கும். 00 என்றால் பணம் தரலாம் என்று பொருள். 51 என்றால் கணக்கில் போதிய பணம் இல்லை.

இந்தக் குறியீட்டுப் பட்டியலில் கவனிக்கத்தக்க ஓர் ஏற்பாடு உள்ளது. மறுப்புக்குரிய சில காரணங்களுக்கு இரண்டு குறியீடுகள் உள்ளன. ஒன்று வெறுமனே மறுக்கச் சொல்கிறது, மற்றொன்று அட்டையையும் பிடித்துவைக்கச் சொல்கிறது. காலாவதியான அட்டைக்கு 54 வந்தால் மறுப்பு மட்டுமே. 33 வந்தால் மறுப்போடு பிடிப்பும் சேரும். ரகசிய எண்ணை அனுமதிக்கப்பட்ட தடவைகளுக்கு மேல் தவறாக இட்டவருக்கு 75 வந்தால் அட்டை திரும்பும். 38 வந்தால் திரும்பாது. தொலைந்ததாக அறிவிக்கப்பட்ட அட்டைக்கு 41, திருடப்பட்டதாக அறிவிக்கப்பட்டதற்கு 43. இவ்விரண்டும் பிடிக்கச் சொல்பவையே. ஒரே தவற்றைச் செய்த இருவரில் ஒருவருக்கு அட்டை திரும்புவதும் மற்றவருக்குத் திரும்பாததும் இயந்திரத்தின் விருப்பத்தால் நிகழ்வதல்ல. எந்தக் குறியீட்டை அனுப்புவது என்பதை அவரவர் வங்கி தீர்மானிக்கிறது, இயந்திரத்தின் படிப்பான் வகை அதை நிறைவேற்ற இடம் தருகிறதா என்பது எஞ்சியதைத் தீர்மானிக்கிறது.

இவ்வாறு ஆணையின் பேரில் பிடிபட்ட அட்டையைத் திரும்பக் கேட்பதில் பயனில்லை. அதை வழங்கிய வங்கியின் பதிவில் அது பெரும்பாலும் ஏற்கனவே தடுக்கப்பட்ட அல்லது காலாவதியான அட்டை. அப்படியானால் கையில் கிடைத்தாலும் எந்த இயந்திரத்திலும் செல்லாது.

இயந்திரம் தானே பிடித்தல்

இரண்டாவது வகையில் வங்கி எந்த ஆணையும் இடுவதில்லை. பரிவர்த்தனை முடிந்து அட்டை வாய்க்கு வெளியே நீட்டப்பட்ட பின்னர், குறிப்பிட்ட நேரத்துக்குள், பொதுவாக 30 வினாடி அளவில், யாரும் அதை எடுக்காவிட்டால் மோட்டார் வகைப் படிப்பான் அதை மீண்டும் உள்ளிழுத்துப் பெட்டியில் போட்டுவிடுகிறது. இது அட்டைதாரருக்கு எதிரான செயல் அல்ல. மறந்துவிட்டுச் சென்றவரின் அட்டையை அடுத்து வருபவர் எடுத்துக்கொள்ளாமல் காக்கும் ஏற்பாடு. மனிதர்கள் தம் முதன்மை நோக்கம் நிறைவேறியதும் எஞ்சிய படியை மறப்பது இயல்பு என்பதை உளவியல் ஆய்வுகள் காட்டியுள்ளன. பணம் எடுப்பதே நோக்கம் என்பதால் பணம் வந்ததும் அட்டையை மறந்து செல்வார்கள். ஆகவேதான் பல இயந்திரங்கள் அட்டையை முதலில் நீட்டி, அதை எடுத்த பிறகே பணத்தைத் தருமாறு அமைக்கப்பட்டுள்ளன.

இதே வகையைச் சேர்ந்தவை கோளாறுகள். வளைந்த அட்டை, ஓரம் பெயர்ந்த சில்லு, பாதுகாப்புக்கென ஒட்டிய பிளாஸ்டிக் உறை அல்லது ஒட்டுத்தாளால் தடித்துப்போன அட்டை ஆகியவை உருளைகளுக்கு இடையே சிக்குகின்றன. வெளியே தள்ள முயன்று தோற்றால் படிப்பான் அட்டையைப் பின்புறம் தள்ளிவிடலாம், அல்லது அப்படியே நின்றுபோகலாம். மின்தடை இன்னும் சிக்கலானது. மின்சாரம் நின்றால் உருளைகளும் நிற்கின்றன. அட்டை பாதி வழியில் தங்குகிறது. மின்சாரம் மீண்டதும் இயந்திரம் தன்னைத் தொடக்க நிலைக்குக் கொண்டுவரும்போது, வழியில் அட்டை கிடப்பதை உணரிகள் அறிவிக்கின்றன. அப்போது அதைப் பெட்டியில் போடுவதா, வாய்வழியே வெளியே தள்ளுவதா என்பது அந்த இயந்திரத்தின் அமைப்பைப் பொறுத்தது. வெளியே தள்ளும்படி அமைக்கப்பட்டிருந்தால், உரியவர் வீடு சென்ற பிறகு அட்டை யாரோ ஒருவரின் கைக்கு எட்டும் தூரத்தில் நீட்டிக்கொண்டிருக்கும். மின்தடையில் சிக்கிய அட்டையை இயந்திரத்திடம் பாதுகாப்பாக இருக்கிறதென்று நம்பிச் செல்லக்கூடாது என்பதற்கு இதுவே காரணம்.

இயந்திரம் அறியாத பிடிப்பு

மூன்றாவது வகை குற்றம். மெல்லிய பிளாஸ்டிக் படலத்தையோ ஒளிப்படச் சுருளின் துண்டையோ வளையமாக்கி, அட்டைவாயின் உட்புறத்தில் ஒட்டிவைப்பது இதன் பழைய வடிவம். பசையை வாயில் தடவுவது எளிய வடிவம். அட்டை உள்ளே செல்ல இப்பொறி இடம் தருகிறது, வெளியே வர விடுவதில்லை. உரியவர் குழம்பி நிற்கும்போது அருகில் ஒருவர் உதவிக்கு வருகிறார். தனக்கும் இப்படி நேர்ந்ததாகச் சொல்லி, ரகசிய எண்ணை மீண்டும் அழுத்தினால் அட்டை வெளியே வரும் என்கிறார். விரல்கள் அழுத்தும் வரிசையைப் பார்த்துக்கொள்கிறார். அட்டைதாரர் சலித்துப்போய் வெளியேறியதும் வளையத்தை இழுத்து அட்டையை எடுக்கிறார். இப்போது அவரிடம் உண்மையான அட்டையும் உண்மையான ரகசிய எண்ணும் இருக்கின்றன.

அட்டையின் சில்லு, போலி அட்டை தயாரிப்பதைத் தடுப்பதற்கான தொழில்நுட்பம். ஒவ்வொரு பரிவர்த்தனைக்கும் அது புதிய மறைகுறியை உருவாக்குவதால், காந்தப்பட்டையைப் போல அதை நகலெடுக்க முடியாது. ஆனால் அசல் அட்டையே திருடன் கையில் இருக்கும்போது சில்லு திருடனுக்கும் உண்மையாகவே பதில் சொல்லும். ரகசிய எண் தெரியாவிட்டாலும் முழுப் பாதுகாப்பு இல்லை. 2021 ஜனவரி 1 முதல் இந்தியாவில் ஒரு முறைக்கு ₹5,000 வரை ரகசிய எண் இன்றியே அட்டையைக் கருவிமீது காட்டிப் பணம் செலுத்தலாம். அந்த வசதி இயக்கத்தில் உள்ள அட்டை பிறர் கைக்குப் போனால் கடைகளில் பயன்படுத்தப்படக்கூடும்.

இயந்திரம் அட்டையை அறிந்து பிடித்ததா, அறியாமல் சிக்கியதா என்பதற்குத் திரையே முதற்சான்று. அறிந்து பிடித்த இயந்திரம் பெரும்பாலும் அதைத் திரையில் அறிவிக்கும், வங்கியைத் தொடர்புகொள்ளச் சொல்லும், தாள் இருந்தால் ரசீதும் அச்சிடும். பொறியில் சிக்கிய அட்டை படிப்பானை எட்டாதிருந்தால், திரை அட்டையை நுழைக்கச் சொல்லி வரவேற்றுக்கொண்டே இருக்கும், அல்லது காரணம் சொல்லாத ஒரு பிழைச்செய்தியில் நிற்கும். வாயின் விளிம்பில் படலத்தின் நுனி, பசையின் பிசுபிசுப்பு, தளர்ந்து அசையும் முகப்பு ஆகியவை அடுத்த சான்றுகள். எனினும் நன்கு செய்யப்பட்ட பொறி கண்ணுக்குத் தென்படாது. மின்தடையில் திரையே இராது. ஆகவே உறுதியாகப் பிரித்தறிய முடியாதபோது மூன்றாவது வகை என்றே கொள்வது முறை. தவறாக அப்படிக் கொண்டால் நேரும் இழப்பு ஒரு புதிய அட்டைக்கான கட்டணமும் சில நாள் காத்திருப்புமே; மாறாகத் தவறினால் இழப்பு கணக்கின் இருப்பு முழுவதையும் எட்டலாம்.

எண்ணை முடக்குதல்

அட்டையின் மதிப்பு பிளாஸ்டிக்கில் இல்லை. வங்கியின் கணினியில் அந்த எண்ணுக்கு நேராக உள்ள அனுமதியில் இருக்கிறது. பூட்டை மாற்றிவிட்ட வீட்டின் பழைய சாவி யார் கையில் இருந்தாலும் கவலையில்லை என்பதைப்போல, எண்ணை முடக்கிய பின் அட்டை பெட்டியில் கிடந்தாலும் திருடன் பையில் கிடந்தாலும் வேறுபாடில்லை. எனவே முதல் வேலை அட்டையைத் தேடுவதன்று, எண்ணை முடக்குவது. அதுவும் இயந்திரத்தின் முன்னின்று நகராமலே செய்யவேண்டியது.

முடக்குவதில் இரண்டு நிலைகள் உண்டு. ரிசர்வ் வங்கி 2020 ஜனவரியில் பிறப்பித்த உத்தரவின்படி, அட்டையின் பயன்பாட்டை நிறுத்தவும் மீண்டும் தொடங்கவும் வரம்புகளை மாற்றவும் வங்கிகள் வாடிக்கையாளருக்கு வசதி தரவேண்டும். கைபேசிச் செயலியில் இதைச் சில வினாடிகளில் செய்யலாம். இது தற்காலிக நிறுத்தம், பின்னர் நீக்கிக்கொள்ளலாம். மற்றது நிரந்தரத் தடுப்பு. வங்கி வழக்கில் ஹாட்லிஸ்ட் செய்தல் என்று சொல்லப்படுவது. இது செய்யப்பட்ட எண் மீண்டும் உயிர்பெறுவதில்லை, புதிய அட்டைதான் வழங்கப்படும். இயந்திரம் அட்டையைப் பிடித்ததாகத் திரையில் அறிவித்து, அது கணக்கு வைத்துள்ள கிளையின் வாசலிலேயே உள்ள இயந்திரமாகவும் இருந்தால் தற்காலிக நிறுத்தம் போதும். மற்ற எல்லா நிலைகளிலும் நிரந்தரத் தடுப்பே தகும்.

வங்கியின் உதவி எண் பலருக்கு நினைவில் இருப்பதில்லை; அட்டையின் பின்புறத்தில் அது அச்சிடப்பட்டிருக்கும், ஆனால் அட்டையோ இயந்திரத்துக்குள் இருக்கிறது. இந்த இடைவெளியைக் குற்றவாளிகள் நன்கு அறிவர். இயந்திரத்தின் மீதோ சுவரிலோ போலி உதவி எண்ணை ஒட்டிவைத்து, அழைப்பவரிடம் அட்டை எண்ணையும் ரகசிய எண்ணையும் கேட்டுப் பெறும் மோசடிகள் நிகழ்ந்துள்ளன. இணையத் தேடலில் முதலில் வரும் எண்ணும் நம்பத்தக்கதன்று. வங்கியின் செயலியில் உள்ள எண், கணக்குப் புத்தகத்தில் அச்சிட்ட எண், முன்பே கைபேசியில் பதிந்துவைத்த எண் ஆகியவற்றையே நம்பலாம். உண்மையான வங்கி அலுவலர் அட்டையைத் தடுப்பதற்கு ரகசிய எண்ணைக் கேட்பதில்லை. அதைக் கேட்டால் அழைப்பைத் துண்டித்துவிட வேண்டும்.

தடுத்த பின்னர் குறித்துக்கொள்ள வேண்டியவை நான்கு: இயந்திரத்தின் அடையாள எண், இடம், நேரம், வங்கி தரும் புகார் எண். இயந்திரத்தின் அடையாள எண் அதன் முகப்பிலோ ரசீதிலோ இருக்கும். திரையையும் அட்டைவாயையும் படம் எடுத்துக்கொள்வது நல்லது. கத்தி, கொண்டை ஊசி போன்றவற்றால் அட்டையை நெம்பி எடுக்க முயலக்கூடாது. படிப்பான் பழுதாவதோடு, பொறி இருந்தால் அதன் தடயமும் அழிகிறது.

ஒரு நிகழ்வின் கணக்கு

இவை எவ்வாறு ஒன்றுசேர்கின்றன என்பதைக் கற்பனையான ஒரு நிகழ்வைக் கொண்டு பார்க்கலாம். ஒரு வங்கியின் வாடிக்கையாளர் மாதத்தின் முதல் தேதி மாலை 7.10 மணிக்கு வேறொரு வங்கியின் இயந்திரத்தில் ₹5,000 கேட்கிறார். ரகசிய எண்ணை இட்டதும் மின்சாரம் நின்று திரை இருள்கிறது. 7.11-க்கு, கணக்கிலிருந்து ₹5,000 கழிக்கப்பட்டதாகக் குறுஞ்செய்தி வருகிறது. பணமும் வரவில்லை, அட்டையும் வரவில்லை.

பணம் கழிக்கப்பட்டதற்குக் காரணம் எளிது: இயந்திரத்தின் செய்தி அவருடைய வங்கியை அடைந்து, வங்கி கணக்கில் கழித்துக்கொண்டு ஒப்புதல் அனுப்பியபோது, அதைப் பெற்றுப் பணத்தை எண்ணித்தர இயந்திரம் இயங்கும் நிலையில் இல்லை. அவர் 7.14-க்குச் செயலியில் அட்டையை நிறுத்துகிறார், 7.20-க்கு வங்கியை அழைத்து நிரந்தரத் தடுப்பும், பணம் வராதது பற்றிய புகாரும் பதிகிறார். இயந்திரம் வேறு வங்கியினுடையது என்றாலும் புகார் செல்லவேண்டிய இடம் அட்டையை வழங்கிய வங்கியே. இயந்திரத்தின் வங்கியோடு கணக்குத் தீர்ப்பது அவ்வங்கியின் வேலை.

பணம் வராத பகுதிக்கு ரிசர்வ் வங்கியின் 2019 செப்டம்பர் 20 சுற்றறிக்கை தெளிவான காலவரம்பு வைத்துள்ளது. தோல்வியுற்ற பரிவர்த்தனையின் தொகை, பரிவர்த்தனை நாளுக்குப் பின் ஐந்து நாள்களுக்குள் தானாகவே கணக்கில் திரும்பவேண்டும். தாமதமானால் ஒவ்வொரு நாளுக்கும் ₹100 இழப்பீடு சேரும், வாடிக்கையாளர் கேட்கவேண்டிய தேவையில்லை. இந்நிகழ்வில் கடைசி நாள் 6-ஆம் தேதி. தொகை 9-ஆம் தேதி திரும்பினால் மூன்று நாள் தாமதத்துக்கு ₹300 சேர்த்து மொத்தம் ₹5,300 வரவாக வேண்டும். இயந்திரம் நிகழ்வுகளை வினாடி வாரியாகப் பதியும் ஒரு மின்னணுக் குறிப்பேட்டை வைத்திருக்கிறது; அட்டை நுழைந்த நேரம், வந்த பதில் குறியீடு, பணத்தாள்கள் எண்ணப்பட்டனவா, அட்டை திரும்பியதா பிடிபட்டதா என்பவை அதில் உள்ளன. பெட்டகத்தில் எஞ்சிய தொகையோடு இக்குறிப்பேட்டை ஒப்பிட்டே பணம் வெளியேறவில்லை என்பது உறுதியாகிறது. வாடிக்கையாளர் குறித்துவைத்த அடையாள எண்ணும் நேரமும் இந்த ஒப்பீட்டில் சரியான வரியைக் கண்டடைய உதவுகின்றன.

பிறர் எடுத்த பணத்துக்குப் பொறுப்பு

பொறியில் அகப்பட்ட அட்டையைக் கொண்டு திருடன் பணம் எடுத்திருந்தால் வேறு விதி பொருந்தும். 2017 ஜூலை 6 அன்று ரிசர்வ் வங்கி வகுத்த நெறிமுறையின்படி, வங்கியின் தவற்றால் நேர்ந்த இழப்பில் வாடிக்கையாளருக்குப் பொறுப்பே இல்லை. தவறு வங்கியிடமும் வாடிக்கையாளரிடமும் இல்லாமல் வேறெங்கோ இருந்தால், வங்கியின் குறுஞ்செய்தி கிடைத்த மூன்று வேலைநாள்களுக்குள் அறிவித்தவருக்கும் பொறுப்பில்லை; நான்கு முதல் ஏழு வேலைநாள்களுக்குள் அறிவித்தால் சாதாரணச் சேமிப்புக் கணக்கில் ₹10,000 வரை வாடிக்கையாளர் ஏற்கவேண்டும்; அதற்கும் பிந்தினால் அந்தந்த வங்கியின் கொள்கைப்படி முடிவாகும்.

ஆனால் இழப்புக்கு வாடிக்கையாளரின் கவனக்குறைவே காரணம் என்று வங்கி நிறுவினால், அறிவிக்கும் நேரம்வரை நேர்ந்த இழப்பு முழுவதும் அவருடையது; அறிவித்த பின் நேர்வது வங்கியுடையது. உதவிக்கு வந்தவரிடம் ரகசிய எண்ணைச் சொல்லிவிட்டவரின் நிலை இதுதான். அவர் அட்டையை 8.05 மணிக்குத் தடுத்தார், திருடன் 7.50-க்கு ₹10,000-மும் 8.20-க்கு ₹10,000-மும் எடுத்தான் என்றால், முதல் தொகை அவர் தலையில் விழக்கூடும். இரண்டாவது தொகை வங்கியின் பொறுப்பு. அறிவித்த நேரத்தைக் காட்டும் புகார் எண்ணும் குறுஞ்செய்தியும் பாதுகாக்கப்பட வேண்டியவை என்பது இங்கே விளங்கும். பணம் திருடப்பட்டிருந்தால் வங்கியோடு 1930 எனும் தேசிய உதவி எண்ணிலும் cybercrime.gov.in தளத்திலும் உடனே பதிய வேண்டும். வங்கி 30 நாள்களுக்குள் பதிலளிக்காவிட்டாலோ பதில் நிறைவளிக்காவிட்டாலோ, cms.rbi.org.in தளத்தின் வழியே ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் கட்டணமின்றி முறையிடலாம்.

திரும்பும் அட்டையும் புதிய அட்டையும்

பிடிபட்ட அட்டை திரும்பக் கிடைக்கக்கூடிய நிலை ஏறத்தாழ ஒன்றே: இயந்திரமும் அட்டையும் ஒரே வங்கியுடையவை, இயந்திரம் கிளையை ஒட்டியுள்ளது, பிடிப்புக்குக் காரணம் மறதியோ கோளாறோ மட்டுமே. அப்போது பொறுப்பாளர் பெட்டியைத் திறக்கும் நாளில் கிளைக்கு அடையாளச் சான்றோடும் கணக்குப் புத்தகத்தோடும் சென்று, கையொப்பமிட்டு அட்டையைப் பெறலாம். பிற வங்கியின் இயந்திரத்திலோ, கிளையே இல்லாத தனியார் நிறுவனங்களின் இயந்திரத்திலோ பிடிபட்டவை பெரும்பாலும் அழிக்கப்படுகின்றன. ஏனெனில் கேட்டு வருபவர்தான் உரியவர் என்பதை அந்த இயந்திரத்தை நடத்துபவரால் உறுதிசெய்ய இயலாது. அட்டை கிடைத்துவிட்டது, ஒருமுறைக் கடவுச்சொல்லைச் சொன்னால் அனுப்பிவைப்போம் என்று வரும் அழைப்பு எந்த வங்கியின் நடைமுறையிலும் இல்லாதது.

புதிய அட்டை புதிய எண்ணோடு, பதிவான முகவரிக்கு அஞ்சலில் வருகிறது. அதுவரை கணக்கு முடங்குவதில்லை. கைபேசியில் முன்பே பதிந்த யூபிஐ, அட்டை தடுக்கப்பட்ட பின்னும் வங்கிக் கணக்கோடு நேரடியாக இயங்கும். அட்டையில்லாப் பண வசதி உள்ள இயந்திரங்களில் திரையில் தோன்றும் குறியீட்டுக் கட்டத்தை யூபிஐ செயலியால் படித்துப் பணமும் எடுக்கலாம். கிளையில் படிவம் எழுதியும் எடுக்கலாம். அஞ்சல் உறை பிரிக்கப்பட்டிருந்தாலோ கிழிந்திருந்தாலோ அட்டையைப் பயன்படுத்தாமல் வங்கிக்குத் தெரிவிக்க வேண்டும். ரகசிய எண்ணை வங்கியின் சொந்த இயந்திரத்திலோ செயலியிலோ, பதிவான கைபேசிக்கு வரும் கடவுச்சொல்லைக் கொண்டு அமைக்கலாம். பழைய எண்ணை யாரேனும் பார்த்திருக்க வாய்ப்பிருந்தால் அதையே மீண்டும் வைப்பது தடுப்பின் பயனைக் கெடுக்கும்.

பலரும் மறப்பது இணைய வணிகத் தளங்களில் பதிந்த அட்டையை. 2022 அக்டோபர் 1 முதல் இந்தியாவில் வணிகர்கள் அட்டை எண்ணைச் சேமித்துவைக்க முடியாது. அதற்குப் பதிலாக டோக்கன் எனும் மாற்றெண்ணையே வைத்திருக்கின்றனர். அது பழைய அட்டையோடு பிணைந்தது. ஆகவே மின்கட்டணம், காப்பீட்டுத் தவணை, மாதச் சந்தா போன்றவற்றுக்குப் பழைய அட்டையின் பேரில் தந்த தானியங்கி ஒப்புதல்கள் அடுத்த தவணையில் தோற்கக்கூடும். கணக்குப் பட்டியலில் கடந்த ஓராண்டின் அட்டைவழிப் பற்றுகளை ஒருமுறை பார்த்து, மீண்டும் வரக்கூடியவற்றைப் புதிய அட்டையில் பதிந்தால், குறிப்பாகக் காப்பீட்டுத் தவணையைத் தவறவிடாமல் பதிந்தால், அட்டையை மாற்றும் வேலை முழுமையாகிறது. தடுத்த பிறகு பழைய அட்டை எப்படியோ கைக்கு வந்தால், சில்லும் காந்தப்பட்டையும் எண்ணும் துண்டுபடும்படி அதை வெட்டிப் போட்டுவிட வேண்டும்.